பேண்ட், டாப்ளர், லேசர்: ஒரு பேருந்து ஓட்டுநரின் மூல நோய்ச் சிகிச்சை

## பின்னணி

நோயாளி 51 வயது ஆண். நீண்டதூரப் பேருந்து ஓட்டுநர். எங்கள் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அவர் வந்தபோது ரத்த மூலம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் வாரம் ஒருமுறை, மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாக ரத்தம் போனது. கடைசி ஆறு மாதங்களில் தினமும் பீங்கான் சிவக்கும் அளவுக்குப் போனது. வலி இல்லை. முக்கும்போது சதை வெளியே வந்துவிடும், கையால் உள்ளே தள்ளினால்தான் போகும். துத்திக் கீரை, கருணைக்கிழங்கு லேகியம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. வலி இல்லாததால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

அவரை இங்கே கொண்டுவந்தது மூலம் அல்ல, மூச்சு வாங்குதல். பணிமனைப் படிக்கட்டு ஏறும்போது மூச்சு இரைக்கிறது என்று பொது மருத்துவரிடம் போனார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 கிராம் என்று வந்தது. இரும்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. அங்கிருந்து எங்களிடம் அனுப்பினார்கள்.

கூடவே வந்த அவருடைய மனைவி உட்கார்ந்ததுமே கேட்டார்: “டாக்டர், போஸ்டர்ல கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாள்ல லேசர்னு போட்டிருக்காங்களே, அதையே இவருக்குப் பண்ணிடலாமா?” இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்றால் மூன்று சிகிச்சைகளும் உள்ளே என்ன செய்கின்றன என்பதை விளக்கித்தான் ஆக வேண்டும். இந்த நோயாளியின் ஒன்றே முக்கால் ஆண்டு வரலாறு அதற்கு வசதியாக அமைந்தது. அவருக்கு முதலில் ரப்பர் பேண்ட் போட்டோம். பிறகு ரத்த ஓட்டத்தை ஓசையாகக் காட்டும் டாப்ளர் கருவியின் வழிகாட்டலில் தமனிகளைக் கட்டினோம். லேசரைப் பரிசீலித்து வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

## முதல் பரிசோதனையில் கண்டது

ஆசனவாய்க்குள் ரத்த நாளங்கள் நிறைந்த மூன்று மெத்தைகள் எல்லோருக்கும் உண்டு. நோயாளியை மல்லாந்து கால் தூக்கிப் படுக்க வைத்துப் பார்த்தால், கடிகார முகத்தில் 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அவை இருக்கும். மெத்தையைப் பிடித்துவைக்கும் திசு தளர்ந்து, அது வீங்கிக் கீழே இறங்குவதைத்தான் உள்மூலம் என்கிறோம். வெளியே வராமல் ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. கையால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை. தள்ளியும் போகாவிட்டால் நான்காம் நிலை.

பிராக்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது இவருக்கு 7 மணியிலும் 11 மணியிலும் மூன்றாம் நிலை, 3 மணியில் இரண்டாம் நிலை. 11 மணி மெத்தையின் மேல் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வெடிப்பு இல்லை, பவுத்திரம் இல்லை. சுருக்குத் தசையின் இறுக்கம் சரியாக இருந்தது.

சிகிச்சைக்கு முன்னால் கொலோனோஸ்கோப்பி செய்தோம். குடும்பத்தினருக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. “ரத்தம் எங்கேருந்து வருதுன்னுதான் கண்ணால பார்த்துட்டீங்களே?” என்று கேட்டார்கள். மூலம் இருப்பது உண்மைதான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ரத்தம் இந்த அளவு குறைந்திருக்கும்போது, பெருங்குடலில் வேறு கட்டி இல்லை என்று பார்க்காமல் பழியை மூலத்தின் மேல் போடக்கூடாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். மூலத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்து ஓராண்டு வீணாகி, பிறகு வந்தவர்கள் உண்டு. இவருக்குக் குடல் முழுவதும் சுத்தமாக இருந்தது.

இதய நோய் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. அடுத்து எடுத்த முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

## முதல் முடிவு: ரப்பர் பேண்ட்

முதலில் பேண்ட் போடலாம் என்று சொன்னோம். இரண்டு காரணங்கள். அவருடைய அவசரப் பிரச்சினை ரத்தப் போக்கு, அதை நிறுத்த பேண்ட் நன்றாக உதவும். மேலும் ஹீமோகுளோபின் 8.6 இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எதையும் தள்ளிவைப்பது நல்லது. பேண்டுக்கு மயக்க மருந்தே வேண்டாம், வெளிநோயாளி அறையிலேயே முடிந்துவிடும்.

பேண்ட் போடும் முறை பழையது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பேரன் 1963-இல் இதைப் பரவலாக்கினார். பிராக்டோஸ்கோப் வழியாகக் கருவியை உள்ளே விட்டு, மெத்தையின் மேல் பகுதியை உறிஞ்சி இழுத்து, அதன் அடியில் சின்ன ரப்பர் வளையத்தைக் கழற்றி விடுகிறோம். வளையத்துக்குள் சிக்கிய திசுவுக்கு ரத்தம் நின்று அது கறுத்துச் செத்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளையத்தோடு விழுந்துவிடும். விழுந்த இடத்தில் ஒரு சின்னப் புண் இருக்கும். அது ஆறும்போது உண்டாகும் தழும்பு, மீதி மெத்தையை அடியிலிருக்கும் தசையோடு ஒட்டவைக்கும். அதாவது பேண்ட் இரண்டு வேலை செய்கிறது. கொஞ்சம் சதையைக் குறைக்கிறது, மிச்சத்தை மேலே நிலைநிறுத்துகிறது.

இதில் எல்லாமே வளையம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஆசனவாய்க்குள் பற்கோடு என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலே உள்ள சவ்வுக்கு வெட்டு, குத்து வலி தெரியாது. கீழே உள்ள தோலுக்கு விரல் நுனி அளவுக்கு உணர்ச்சி உண்டு. எனவே வளையம் பற்கோட்டுக்கு மேலே ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழ வேண்டும். போட்ட கையோடு நோயாளி கூர்மையான வலி என்று சொன்னால் அது கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். மாத்திரை கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. அப்போதே வளையத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

முதல் அமர்வில் 7, 11 மணிகளில் இரண்டு வளையங்கள் போட்டோம். அவருக்கு அடிவயிறு கனத்து, வியர்த்து, தலை சுற்றியது. நாடித்துடிப்பு குறைந்தது. கால்களைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்ததும் பத்து நிமிடத்தில் சரியானது. இது பேண்டுக்குப் பிறகு அவ்வப்போது நடப்பதுதான், அதனால்தான் போட்டதும் எழுந்து போக விடுவதில்லை. இரண்டு நாள் மலம் வருவது போன்ற கனம் இருந்தது. ஒன்பதாம் நாள் வளையம் விழுந்தபோது ஒரு கரண்டி ரத்தம் போனது, அத்தோடு நின்றது. ஆறு வாரம் கழித்து 3 மணியில் மூன்றாவது வளையம்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு எச்சரிக்கைகள் சொன்னோம். முதல் சில நாட்களில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய், காய்ச்சலும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்தால் அது இடுப்புக்குள் கிருமி பரவுவதன் அடையாளம். மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து, இரவானாலும் வர வேண்டும். இரண்டாவது, வளையம் விழும் சமயத்திலிருந்து இரண்டு வாரம் வரை திடீரென்று அதிக ரத்தம் போகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களிடம் பேண்ட் போடத் தயங்குவதன் காரணம் இந்தப் புண்தான். இவர் அப்படிப்பட்ட மருந்து எடுக்காதது எங்களுக்குத் துணிவு தந்தது. ஆனாலும் அந்த இரண்டு வாரம் வெளியூர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். பெங்களூர் போகும் வழியில் நடு இரவில் ரத்தம் கொட்டினால் நிறுத்தக்கூட இடம் இருக்காது.

இரும்பு மாத்திரை, தினமும் இசப்கோல், தண்ணீர், கழிப்பறையில் கைப்பேசியோடு உட்காராமல் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிடுவது ஆகியவற்றைச் சேர்த்தோம். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.9. ரத்தம் நின்றிருந்தது. சதை வெளியே வருவதும் பெருமளவு குறைந்திருந்தது.

## ஒன்பதாம் மாதம்: திரும்பி வந்தது

ஒன்பதாம் மாதம் மீண்டும் வந்தார். இந்த முறை முறையீடு வேறு. ரத்தம் எப்போதாவது காகிதத்தில் பட்டால் உண்டு. சதைதான் மறுபடி இறங்குகிறது. உட்காரும் கழிப்பறை இல்லாத இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தினமும் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. உள்ளாடையில் சளி போலக் கசிவு. “ரத்தம் நின்னது பெரிய விஷயம்தான் சார், ஆனா இந்தத் தொந்தரவுல வண்டில உக்கார முடியல” என்றார்.

பார்த்தபோது 11, 7 மணிகளில் மறுபடி மூன்றாம் நிலை. அதற்கும் மேலாக, மெத்தைகளுக்கு இடையிலிருந்த சவ்வும் தளர்ந்து, முக்கும்போது சுற்றிலும் ஒரு வளையமாக இறங்கியது. முதல் தடவை இவ்வளவு இல்லை.

இதைப் பேண்டின் தோல்வி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் ஹப்பிள் என்ற பெயரில் நடந்த பெரிய ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வெளியானது. இரண்டாம், மூன்றாம் நிலை மூலம் உள்ளவர்களில் ஒரு பாதிக்குப் பேண்ட் போட்டார்கள், மறுபாதிக்கு டாப்ளர் முறையில் தமனியைக் கட்டினார்கள். ஓராண்டில் மீண்டும் வந்தது பேண்ட் குழுவில் 49 சதவீதம், டாப்ளர் குழுவில் 30 சதவீதம். பார்த்தால் டாப்ளர் தெளிவாக ஜெயித்தது போல இருக்கும். ஆனால் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், பேண்ட் குழுவில் அதிகம் பேருக்கு இன்னொரு முறை சிகிச்சை தேவைப்பட்டதுதான்: பேண்டில் 32 சதவீதம், டாப்ளரில் 14 சதவீதம். பேண்ட் என்பது தேவைப்பட்டால் திரும்பப் போடக்கூடிய ஒரு தொடர் சிகிச்சை. அப்படிப் பார்க்கும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. அதே ஆய்வில் மறுநாள் வலி பேண்டுக்கு 10-க்கு 3.4, டாப்ளருக்கு 4.6. ஏழாம் நாள் 1.6, 3.1. செலவும் டாப்ளருக்கே அதிகம்.

ஆகவே இந்த நோயாளிக்கு மறுபடி பேண்ட் போடுவது சரியான தேர்வுகளில் ஒன்றாகவே இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பேசினோம்.

## லேசரைப் பற்றிப் பேசியது

மனைவி மறுபடி லேசரைக் கேட்டார். விளக்க வேண்டிய இடம் இது.

“லேசர்” என்று விளம்பரங்களில் வருவது ஒரே சிகிச்சை அல்ல. சில இடங்களில் லேசரைக் கத்திக்குப் பதிலாக வைத்து மூலத்தை அறுத்தே எடுப்பார்கள், அது அறுவைச் சிகிச்சைதான், வலியும் அதற்கேற்றபடி இருக்கும். வேறு சில இடங்களில் டாப்ளர் கொண்டு தமனியைக் கண்டுபிடித்து, வெளியிலிருந்து லேசர் சுட்டு அடைப்பார்கள். இப்போது நம் ஊரில் அதிகம் செய்யப்படுவது மூன்றாவது வகை: மெத்தைக்கு உள்ளே லேசர் ஒளியைக் கொண்டுசெல்லும் ஃபைபர் இழையை விட்டுச் சுடுவது. அவர்கள் கேட்டது இதைத்தான்.

ஆசனவாயின் விளிம்புக்கு வெளியே ஊசி நுனி அளவுக்கு ஒரு துளை போட்டு, மெல்லிய ஃபைபரை மெத்தையின் உள்ளே, சவ்வுக்கும் தசைக்கும் இடையில், மேல் நுனிவரை நகர்த்துவார்கள். ஃபைபரின் நுனியில் ஒளி சுற்றிலும் வட்டமாகப் பரவும். வழக்கமாகப் பயன்படுவது 1470 நானோமீட்டர் அலைநீள ஒளி. அதைத் திசுவில் இருக்கும் நீர் உறிஞ்சிச் சூடாகிறது. வெப்பம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை என்பதே இதன் ஆதாயம். ஏறக்குறைய 8 வாட் சக்தியில் மூன்று விநாடி வீதம் சுட்டால் ஒரு சுடுதலுக்கு 24 ஜூல். ஃபைபரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொண்டே சுடுவார்கள். ஒரு மெத்தைக்கு 250 ஜூல் அளவோடு நிறுத்துவது பொது வழக்கம். உள்ளே இருக்கும் நாளங்கள் சுருங்கி, வாரக் கணக்கில் அந்த இடம் நாராக மாறி மெத்தை வற்றுகிறது.

இதில் இருக்கும் ஆபத்து ஆழம். ஃபைபர் சவ்வுக்கு மிக அருகே இருந்தால் மேற்பரப்பு வெளுத்து வெந்து புண்ணாகும். ஆழமாகப் போனால் உள் சுருக்குத் தசை வெந்துவிடும். செய்பவர் ஒரு விரலை மெத்தையின் மேல் வைத்துக்கொண்டு சூட்டை உணர்ந்தபடியே நகர்த்துவது இதனால்தான். முதல் சில நாட்களில் மெத்தை சுருங்குவதற்குப் பதில் வீங்கும், சிலருக்கு ரத்தம் உறைந்து கல் போலாகி வலிக்கும். மயக்க மருந்து இதற்கும் வேண்டும். “ஊசி கூட இல்லை” என்று நம்பி வந்தவர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இது மோசமான முறை என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நிலையில், ரத்தம் முக்கியப் பிரச்சினையாக, மெத்தைகள் தனித்தனியாக இருக்கும் ஒருவருக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் லேசர் செய்வது வற்றவைப்பது. மேலே தூக்கிக் கட்டுவது அல்ல. இவருடைய முறையீடு சவ்வு மொத்தமாக இறங்குவது. உள்ளே இருந்து சுட்டால் மெத்தை சிறிதாகும், ஆனால் தளர்ந்த சவ்வு தளர்ந்தபடியே இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொன்னோம். அவருக்குப் புரிந்தது. மனைவிக்கு உடனே சமாதானம் ஆகவில்லை. வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு வரச் சொன்னோம். அங்கேயும் லேசர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

## இரண்டாவது முடிவு: டாப்ளரும் தூக்கித் தைத்தலும்

மறுபடி பேண்ட், டாப்ளர் முறை, மூலத்தை அறுத்து எடுத்தல் என்ற மூன்றில் அவர் டாப்ளரைத் தேர்ந்தார். முதல் பேண்டின்போது வந்த தலைச்சுற்றல் அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டு வார விடுப்பு கிடைத்தது. அறுத்தால் ஒரு மாதம் வலியோடு போகும் என்பதை ஏற்கவில்லை. ஹீமோகுளோபின் அப்போது 12.8, எனவே மயக்க மருந்துக்குத் தடை இல்லை. அறுத்தெடுப்பதுதான் மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைந்த முறை என்பதையும் அவரிடம் சொன்னோம்.

இந்த முறையை ஜப்பானைச் சேர்ந்த மொரினாகா குழுவினர் 1995-இல் வெளியிட்டார்கள். அடிப்படைக் கருத்து எளிது. மெத்தைக்கு ரத்தம் கொண்டுவருவது மேல் மலக்குடல் தமனியின் கிளைகள். கிளைகளை மேலேயே கட்டிவிட்டால் மெத்தைக்கு வரும் அழுத்தம் குறையும், அது சுருங்கும். எந்தத் திசுவும் வெட்டப்படுவதில்லை, புண்ணும் இல்லை. பேண்ட் போலச் சதை செத்து விழும் ஒரு நாள் இதில் வருவதில்லை.

முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்தோம். பிராக்டோஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு சாளரமும், அதன் அருகே டாப்ளர் உணர்கருவியும் இருக்கும். எங்கள் கருவி 8 மெகாஹெர்ட்ஸ். பற்கோட்டுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து மெல்லச் சுற்றினால் தமனி இருக்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் நாடித்துடிப்பு விட்டுவிட்டுக் கேட்கும். அந்த இடத்தில் சாளரம் வழியாக, உடலே உறிஞ்சிக்கொள்ளும் நூலால் எட்டு வடிவத்தில் தையல் போட்டு முடிச்சிட வேண்டும். முடிச்சு இறுகியதும் ஓசை நின்றால் தமனி கட்டப்பட்டது. நிற்காவிட்டால் ஊசி பக்கத்தில் போயிருக்கிறது, திரும்பப் போட வேண்டும். இவருக்கு ஆறு இடங்களில் ஓசை கேட்டது. 5 மணிக்கு அருகில் முதல் தையலுக்குப் பிறகும் மெல்லிய ஓசை இருந்தது, இரண்டாம் தையலில் நின்றது.

இதோடு நிறுத்தியிருந்தால் ரத்தம் மட்டும்தான் குறைந்திருக்கும், இறங்குவது அப்படியே இருந்திருக்கும். அடுத்தது தூக்கித் தைத்தல். 11, 7, 3 மணிகளில் மேலிருந்து கீழாக, ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டத் தையல் போட்டு, நூலை மேல் முடிச்சோடு சேர்த்து இறுக்கினால், கூடாரத் துணியைக் கயிற்றால் இழுப்பது போலச் சவ்வு மடிந்து மேலே ஏறும். கடைசித் தையல் பற்கோட்டுக்குக் குறைந்தது அரை சென்டிமீட்டர் மேலேயே நிற்க வேண்டும். பற்கோட்டைத் தொட்டுவிட்டால் வாரக் கணக்கில் தாங்க முடியாத வலி. 11 மணியில் சவ்வு அதிகம் இருந்ததால் இன்னும் ஒரு தையல் கீழே போட மனம் இழுத்தது. போடவில்லை. பின்னால் அந்த இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்ததற்கும் வலி குறைவாக இருந்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வேலையில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது நம் துறையில் இன்னும் பேசப்படுகிறது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் ஒரு குழுவுக்கு டாப்ளரைக் கொண்டு தமனிகளைக் கட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு டாப்ளர் இல்லாமலே அதே தையல்களைப் போட்டார்கள். பலனில் வித்தியாசம் தெரியவில்லை. என் கணிப்பில் இவரைப் போன்ற இறக்கம் உள்ளவர்களுக்குத் தூக்கித் தைப்பதுதான் பெரும் பங்கு வேலை செய்கிறது. ஆனாலும் டாப்ளரின் ஓசை, முடிச்சு சரியாக விழுந்ததா என்று அந்த நொடியே காட்டுகிறது. அதனால் தொடர்ந்து பயன்படுத்துகிறோம்.

## அதன் பிறகு நடந்தது

முதல் இரவு சிறுநீர் வரவில்லை. முதுகு மயக்க ஊசிக்குப் பிறகு ஆண்களிடம் இது அடிக்கடி பார்ப்பது. ஒருமுறை குழாய் விட்டு எடுத்தோம், காலையில் தானாகப் போனார். மறுநாள் வலி 10-க்கு 5 என்று சொன்னார். பேண்டின்போது இவ்வளவு இல்லை என்றும் சொன்னார். உண்மைதான், முன்பே எதிர்பார்க்கச் சொல்லியிருந்தோம்.

வலியைவிட அவரைத் தொந்தரவு செய்தது, மலம் வருவது போலவே இருக்கும் உணர்வு. மலக்குடலுக்குள் மடிந்து நிற்கும் சவ்வை உடல் மலம் என்றே எடுத்துக்கொள்கிறது. போய் முக்கினால் தையல் சவ்வை அறுத்துக்கொண்டு வரும், அன்றைய வேலை எல்லாம் வீண். இதை முன்பே சொல்லி, ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் கழிப்பறைக்குப் போக வேண்டாம், உணர்வு வந்தாலும் பத்து நிமிடம் நடங்கள் என்றோம். நான்காம் நாள் அந்த உணர்வு போய்விட்டது. லாக்டுலோஸ் மருந்தும் இசப்கோலும் மூன்று வாரம்.

எட்டாம் நாள் வலி 2. பன்னிரண்டாம் நாள் உள்ளூர் வண்டிக்குத் திரும்பினார், மூன்றாம் வாரம் மாத்திரை தேவைப்படவில்லை. ஆறாம் வாரத்தில் சதை வெளியே வரவே இல்லை, கசிவும் நின்றிருந்தது. அப்போது பழைய நீண்டதூர வண்டிக்குப் போக அனுமதித்தோம்.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ரத்தம் இல்லை, ஹீமோகுளோபின் 13.4. 11 மணியில் முக்கினால் ஒரு சின்ன வீக்கம் இறங்கி, எழுந்ததும் தானாக உள்ளே போகிறது. அதாவது இரண்டாம் நிலை. அவருக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை, எனவே எதுவும் செய்யவில்லை. தொந்தரவு வந்தால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பேண்ட் போடலாம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறோம். டாப்ளர் செய்தவருக்கு மீண்டும் பேண்ட் போடுவதற்குத் தடை எதுவும் இல்லை.

## எதை மாற்றுகிறோம்

பேண்ட் போடும் முதல் நாளே, இது ஒரே தடவையில் முடியும் சிகிச்சை அல்ல, ஓராண்டுக்குள் இன்னொரு அமர்வு தேவைப்படலாம் என்று எழுதியே கொடுக்கிறோம். இந்த நோயாளி ஒன்பதாம் மாதம் வந்தபோது சிகிச்சை பலிக்கவில்லை என்ற மனநிலையில் வந்தார். திரும்பப் போடுவதும் திட்டத்தின் பகுதி என்று முன்பே தெரிந்திருந்தால் ஒருவேளை பேண்டையே மறுபடி தேர்ந்திருப்பார். டாப்ளரைத் தேர்ந்ததால் அவருக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் தேர்வு முழு விவரத்தோடு நடந்திருக்க வேண்டும்.

முதல் பரிசோதனையில் இப்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பதிகிறோம்: ரத்தம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு. முன்பு “மூன்றாம் நிலை” என்று மட்டும் எழுதுவோம். அதே மூன்றாம் நிலையில் ஒருவருக்கு ஒரு மெத்தை மட்டும் இறங்கும், இன்னொருவருக்குச் சவ்வு முழு வளையமாக இறங்கும். முதலாமவருக்குப் பேண்டோ லேசரோ போதும், இரண்டாமவருக்குத் தூக்கித் தைக்கவோ அறுக்கவோ வேண்டும். மேசையில் படுத்திருக்கும்போது முக்கச் சொன்னால் பலருக்கு இறக்கம் தெரியாது. கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பது அதிகம் சொல்லும். சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுகிறார்கள், அதுவும் உதவுகிறது.

லேசர் கேட்டு வருபவர்களிடம் “எந்த லேசர்?” என்று கேட்டு, துளை வழியாக உள்ளே சுடும் முறையின் படத்தை வரைந்து காட்டுகிறோம். முதல் சில நாள் வீக்கம், மயக்க மருந்து, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஃபைபரின் விலை ஆகியவை அந்தத் தாளிலேயே இருக்கும். இவருடைய தம்பிக்கு இரண்டாம் நிலை மூலம் இருப்பதைக் கடந்த மாதம் பார்த்தோம். கையால் தள்ளும் அளவுக்கு இறக்கம் இல்லை, தொந்தரவு ரத்தம் மட்டும்தான். அவரும் லேசர்தான் கேட்டார். லேசரும் பொருந்தும், ஆனால் பேண்ட் முதலில் போதும் என்று சொல்லி இரண்டு வளையம் போட்டு அனுப்பியிருக்கிறோம். இன்னும் அவர் மறு பரிசோதனைக்கு வரவில்லை.